இடது அடிவயிற்று வலி, காய்ச்சல், மாறிய மலப்பழக்கம்: பெருங்குடலின் குட்டிப் பைகள் அழற்சியடைவது எப்படி?

வயிற்றின் இடது அடிப்பக்கம் வலித்தால் நம் ஊரில் முதலில் வரும் தீர்ப்பு ‘கேஸ்’. அடுத்தது ‘உடம்புச் சூடு’. இரண்டு நாளாக மலம் சரியாகப் போகவில்லை என்றும் சொல்லிவிட்டால் போதும், வீட்டில் மூத்தவர் யாராவது விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்துவிடுவார். கூடவே காய்ச்சலும் அடிக்கிறது என்பது இந்தப் பேச்சில் காணாமல் போகும். அதைத் தனியாக ‘வைரல் காய்ச்சல்’ கணக்கில் எழுதிவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘டைவர்டிகுலோசிஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த மனிதருக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆனால் அந்த வரியைப் படித்த நாளிலிருந்து வேர்க்கடலையைத் தொடமாட்டார், கொய்யாப்பழம் என்றால் பயப்படுவார், குடல் எப்போது வெடிக்குமோ என்று இணையத்தில் தேடிக்கொண்டே இருப்பார்.

இரண்டு குழப்பமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பெருங்குடலில் குட்டிப் பைகள் இருப்பது ஒரு விஷயம். அந்தப் பைகளில் ஒன்று அழற்சியடைவது வேறு விஷயம். முதலாவது வயதானால் நரை விழுவதுபோல் சாதாரணமானது. இரண்டாவதுக்கு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். இந்தக் கட்டுரை அந்த முதல் நிலையிலிருந்து இரண்டாவது நிலைக்குப் போகும் வழியைப் பற்றியது.

## பை எங்கிருந்து வருகிறது

பழைய சைக்கிள் டயர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வெளி ரப்பரில் ஓரிடத்தில் சின்ன வெட்டு விழுந்திருக்கும். காற்றடித்ததும் உள்ளே இருக்கும் ட்யூப் அந்த வெட்டு வழியாக ஒரு குமிழ் போல வெளியே பிதுங்கும். ட்யூப் கிழியவில்லை, காற்றும் போகவில்லை. ஆனால் அந்த இடத்தில் டயரின் பாதுகாப்பு இல்லாமல் மெல்லிய ட்யூப் மட்டும் நிற்கிறது.

பெருங்குடலின் சுவரும் இப்படித்தான் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. உள்ளே சளிப்படலம் என்ற மெல்லிய உறை, அதுதான் ட்யூப். அதைச் சுற்றித் தசை அடுக்கு, அதுதான் டயர். இந்தத் தசை அடுக்கில் வெட்டு எப்படி வந்தது? அது பிறக்கும்போதே இருப்பதுதான். உள்ளே இருக்கும் சளிப்படலத்துக்கு ரத்தம் வேண்டும். அந்த ரத்தக் குழாய்கள் வெளியிலிருந்து தசையைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போகமுடியும். குழாய் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் தசையில் ஒரு சிறிய இடைவெளி இருக்கும்.

இளம் வயதில் அந்த இடைவெளி இறுக்கமாக இருக்கிறது. வயது ஏற ஏற, குடல் சுவரைப் பிணைத்து வைத்திருக்கும் நார்ப்பொருள் விறைத்து, இழுபடும் தன்மையை இழக்கிறது. உள்ளே அழுத்தம் கூடும்போது சளிப்படலம் அந்த இடைவெளி வழியாக வெளியே பிதுங்குகிறது. பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவு, ஒரு மிளகிலிருந்து ஒரு கொண்டைக்கடலை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பைக்குத்தான் டைவர்டிகுலம் என்று பெயர். இப்படிப் பைகள் இருக்கும் நிலை டைவர்டிகுலோசிஸ். ரிப்போர்ட்டில் பயமுறுத்திய வார்த்தை இதுதான்.

மேற்கு நாடுகளில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பைகள் உண்டு. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. ஒருவருக்கு ஒரே ஒரு பை இருக்கலாம், இன்னொருவருக்கு வரிசையாகப் பல டஜன் இருக்கலாம். எண்ணிக்கையைப் பார்த்து யாருக்கு நோய் வரும் என்று சொல்ல முடியாது.

## ஏன் குறிப்பாக இடது பக்கம்

பெருங்குடல் வயிற்றின் வலது அடிப்பக்கத்தில் தொடங்கி, மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கமாக இறங்குகிறது. மலக்குடலில் சேரும் முன் எஸ் எழுத்துப்போல வளைந்து ஒரு திருப்பம் எடுக்கும். அந்த வளைந்த பகுதிக்கு சிக்மாய்டு என்று பெயர். இடது இடுப்பெலும்பின் உள்பக்கம் கை வைத்தால், ஏறக்குறைய அதன் மேல்தான் கை இருக்கிறது.

பெருங்குடலிலேயே குறுகலான பகுதி சிக்மாய்டுதான். இங்கே வந்து சேரும்போது மலத்திலிருந்து பெரும்பாலான தண்ணீர் உறிஞ்சப்பட்டு அது கெட்டியாகியிருக்கும். கெட்டியான பொருளைக் குறுகலான குழாயில் நகர்த்தத் தசை இறுக்கிப் பிடிக்கவேண்டும். அப்படி இறுக்கும்போது, குடல் அடுத்தடுத்து இரண்டு இடங்களில் சுருங்கி நடுவில் ஒரு மூடிய அறையை உண்டாக்கிவிடும். அந்த அறைக்குள் அழுத்தம் எகிறுகிறது. போவதற்கு வழியில்லாத அழுத்தம் சுவரின் பலவீனமான இடத்தைத் தேடுகிறது. குழாய் எவ்வளவு குறுகலோ, அதே தசை இறுக்கம் அவ்வளவு அதிக அழுத்தத்தைத் தரும் என்பது இயற்பியல் விதி. ஆகவே பைகள் அதிகம் முளைப்பது சிக்மாய்டில்.

இங்கே நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். மேலே சொன்ன இடதுபக்கக் கதை ஐரோப்பா, அமெரிக்காவில் எழுதப்பட்ட பாடப்புத்தகங்களின் கதை. ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் போன்ற ஆசிய நாடுகளில் பெருங்குடலின் வலது பக்கத்திலேயே பைகள் வருவது நிறைய. அப்படி வந்து அழற்சியானால் வலி வலது அடிவயிற்றில் இருக்கும், அப்பெண்டிசைட்டிஸ் என்றே தோன்றும், பல சமயம் ஸ்கேன்தான் வித்தியாசத்தைக் காட்டும். எனவே ‘இடது பக்கம் வலிக்கவில்லை, இது அதுவாக இருக்காது’ என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் இந்தக் கட்டுரையில் இடது பக்கத்தையே பின்தொடர்வோம்.

இதுவரை: தசையில் ரத்தக் குழாய் நுழையும் இடைவெளி வழியாகச் சளிப்படலம் பிதுங்கினால் பை. அழுத்தம் அதிகமுள்ள சிக்மாய்டில் அது அதிகம். பை இருப்பதால் மட்டும் வலிப்பதில்லை.

## பை எப்படி அழற்சியடைகிறது

பையின் சுவரில் தசை இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். குடலின் மற்ற இடங்களில் ஏதாவது தேங்கினால் தசை சுருங்கி அதை முன்னே தள்ளிவிடும். பைக்கு அந்தச் சக்தி இல்லை. வாய் குறுகல், வயிறு அகலம். உள்ளே போன மலத்துணுக்கு சில சமயம் அங்கேயே தங்கி, காய்ந்து, சிறு உருண்டையாகக் கெட்டிப்படுகிறது.

நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம் இப்படிப் போகிறது. அந்த உருண்டை பையின் வாயை அடைக்கிறது, அல்லது உள்சுவரை உரசிப் புண்ணாக்குகிறது. அடைபட்ட பைக்குள் சளி சுரந்துகொண்டே இருக்கும், பாக்டீரியா பெருகும், பை உப்பும். உப்பும்போது அதன் மெல்லிய சுவரில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கும். ரத்தம் போகாத திசு பலவீனப்படும். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓட்டை ஒன்று விழும். ட்யூபில் ஊசி முனை அளவு பஞ்சர் மாதிரி.

இந்த விளக்கம் பாதி உண்மை என்றுதான் இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எல்லோரிடமும் அடைப்பு இருப்பதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டத்தின் சமநிலை கெடுவது, நாள்பட்ட மெல்லிய அழற்சி, பரம்பரை எல்லாமே இதில் பங்கெடுக்கின்றன. எங்கே தொடங்கினாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: பைக்குள் மட்டும் இருக்கவேண்டிய பாக்டீரியா சுவரைத் தாண்டி வெளியே இருக்கும் கொழுப்புத் திசுவுக்குள் வருகிறது. உடல் அதை எதிர்க்க வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது. அழற்சி என்பது இதுதான். பைக்கு அழற்சி வந்த நிலைக்கு டைவர்டிகுலைட்டிஸ் என்று பெயர்.

ஓட்டை விழுந்தால் வயிறு முழுக்க மலம் கொட்டிவிடாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் கொட்டாது. பெருங்குடலைச் சுற்றிக் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள திசுக்கள் வந்து ஒட்டி அந்தச் சிறு பஞ்சரை உடனே மூடிவிடும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு விரல் அகலப் பகுதியில் நடக்கும் சண்டையாகவே முடிந்துவிடுகிறது. அந்த மூடல் சரியாக நடக்காதபோதுதான் சீழ்க்கட்டியோ, வயிறு முழுதும் பரவும் தொற்றோ வருகிறது.

பைகள் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? முன்பு 10 முதல் 25 சதவீதம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரவலாகி, அறிகுறியே இல்லாத ஏராளமானோருக்குப் பைகள் இருப்பது தெரிந்த பிறகு அந்த எண் சுருங்கியது. இப்போதைய மதிப்பீடு 5 சதவீதத்துக்கும் கீழே. ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்தவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

## மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்திலிருந்து

வலி, காய்ச்சல், மலப்பழக்க மாற்றம் மூன்றையும் தனித்தனி நோயாகப் பிரித்துப் பார்ப்பதால்தான் தாமதம் நடக்கிறது. மூன்றையும் அந்த ஒரு பையிலிருந்தே விளக்கிவிடலாம்.

வலியை எடுத்துக்கொள்வோம். குடலின் சொந்த நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாதவை. ஆகவே முதல் நாளில் தொப்புளுக்குக் கீழே எங்கோ மந்தமாக, இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கும். வாயு என்று நினைப்பது அந்தக் கட்டத்தில் இயல்புதான். அழற்சி வெளிப்பக்கம் வந்து வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் படலத்தைத் தொட்டதும் கதை மாறுகிறது. அந்தப் படலத்தின் நரம்புகள் தோலின் நரம்புகளைப்போலத் துல்லியமானவை. இப்போது நோயாளி ஒரே விரலால் ‘இங்கே’ என்று காட்டுவார். இருமினால் வலிக்கும், வண்டியில் ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் வலிக்கும். வாயு வலி இடம் மாறும், வாயு பிரிந்தால் குறையும், மணிக்கணக்கில் வந்து போகும். இந்த வலி ஒரே இடத்தில் நின்று நாள்கணக்கில் நீடிக்கும்.

காய்ச்சல் பாக்டீரியாவுடன் நடக்கும் சண்டையின் விளைவு. வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் விடும் ரசாயனங்கள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு இடத்துக்குப் போய் உடல்வெப்பத்தை உயர்த்துகின்றன. பெரும்பாலும் 100 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற அளவில் நிற்கும். நடுக்கத்தோடு 102-ஐத் தாண்டினால் சீழ் சேர்ந்திருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் காய்ச்சல் அவ்வளவாகத் தெரியாமலே போகலாம். அவர்கள் விஷயத்தில் காய்ச்சல் இல்லை என்பதை நம்பக்கூடாது.

மலப்பழக்கம் இரண்டு திசையிலும் மாறலாம், குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது. வீங்கிய சிக்மாய்டு குறுகிவிடும், அசைவையும் குறைத்துக்கொள்ளும். அதனால் அதிகம் பேருக்கு மலச்சிக்கல்தான் வருகிறது. வேறு சிலருக்கு எரிச்சலடைந்த குடல் அடிக்கடி துடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இளக்கமாகப் போகும். சிக்மாய்டு சிறுநீர்ப்பையின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், அழற்சி அதையும் எரிச்சலூட்டி அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் செய்யும். இதை மட்டும் பார்த்துச் சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுப்பதும் நடக்கிறது.

ரத்தப்போக்கு பற்றி ஒரு வார்த்தை. பைகளிலிருந்து ரத்தம் வருவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் வலியே இல்லாமல், திடீரென்று, நிறைய வரும். பையின் மேல் ஓடும் ரத்தக் குழாய் கிழிவதால் வருவது அது. அழற்சியும் பெரிய ரத்தப்போக்கும் ஒன்றாக வருவது அரிது. மலத்தில் நிறைய ரத்தம் என்றால் அது தனி அவசரம்.

இதுவரை: ஒரே இடத்தில் நிற்கும் வலி, காய்ச்சல், இரண்டு திசையில் எதுவாகவும் மாறிய மலம். மூன்றும் சேர்ந்தால் வாயு என்ற விளக்கம் போதாது.

## ஒருவரின் ஒரு வாரம்

பலருக்கு நடப்பதை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். வயது 57, ஆண், உட்கார்ந்து செய்யும் வேலை, கொஞ்சம் தொப்பை. மூட்டுவலிக்கு அவ்வப்போது மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் உண்டு.

திங்கட்கிழமை காலை அடிவயிற்றில் ஒரு இறுக்கம். ஓமத் தண்ணீர் குடித்தார், குறையவில்லை. செவ்வாய்க்கிழமை வலி இடது பக்கம் இறங்கி அங்கேயே நின்றது. கழிவறைக்குப் போகத் தோன்றியது, போனால் கொஞ்சமே வந்தது. மாலையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். இரவில் காய்ச்சல் 100.8. புதன்கிழமை பசி இல்லை. விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்ன பேச்சைத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அழற்சியடைந்த, ஒருவேளை பஞ்சரான குடலை மலமிளக்கி கொடுத்து வேகமாகச் சுருங்கவைப்பது உள்ளே அழுத்தத்தைக் கூட்டும் வேலை. காரணம் தெரியாத வயிற்றுவலியும் காய்ச்சலும் சேர்ந்திருக்கும்போது பேதி மருந்தும் வேண்டாம், எனிமாவும் வேண்டாம்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடது அடிப்பக்கம் மட்டும் துள்ளவைத்தது. மற்ற இடமெல்லாம் மென்மையாகவே இருந்தது, மரம்போல விறைக்கவில்லை. விறைத்திருந்தால் தொற்று பரவிவிட்டது என்று பொருள், அடுத்த நடவடிக்கையே வேறு. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 14,200. வழக்கமாக 11,000-க்குள் இருக்கும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் லிட்டருக்கு 86 மில்லிகிராம். நலமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் 5-க்குள். இந்த எண் 150-ஐத் தாண்டினால் சிக்கல் இருக்க வாய்ப்பு கூடுதல்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். இந்த நோயை உறுதிசெய்ய அதைவிடப் பொருத்தமான பரிசோதனை இல்லை. ரிப்போர்ட்டில் வந்தது: சிக்மாய்டில் பல பைகள், ஓரிடத்தில் சுவர் தடித்திருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கித் தெரிகிறது, சீழ்க்கட்டி இல்லை, குடலுக்கு வெளியே காற்று இல்லை. கடைசி இரண்டு ‘இல்லை’களும்தான் அந்த ரிப்போர்ட்டின் உயிர். கட்டியும் காற்றும் இல்லையென்றால் இது சிக்கலற்ற வகை.

ஸ்கேன் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே இடத்தில் வலிதரும் வேறு நோய்கள் இருக்கின்றன. சிறுநீரகக் கல் வலி அலை அலையாக வந்து தொடையிடுக்கு வரை இறங்கும், தொற்று சேராதவரை காய்ச்சல் இராது. பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொள்வதும், குழந்தை பெறும் வயதில் கருக்குழாயில் கரு தங்குவதும் இதே பக்கத்தில் வலிக்கலாம். கர்ப்பம் இருக்கிறதா என்ற எளிய சோதனை அவர்களுக்கு முதலில் வேண்டும். பெருங்குடல் புற்றுநோயும் சுவரைத் தடிக்கவைத்து ஸ்கேனில் இதுபோலவே தெரியக்கூடும்.

## ஆன்டிபயாடிக் கட்டாயமா

பாக்டீரியா என்றதும் ஆன்டிபயாடிக் என்பதுதான் பல பத்தாண்டுகளாக இருந்த வழக்கம். நம் மனிதரைப்போன்ற சிக்கலற்ற நோயாளிகளுக்கு அது உண்மையிலேயே உதவுகிறதா என்று ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக், இன்னொரு குழுவுக்கு டிரிப் மட்டும். 2012-இல் முடிவு வெளியானது: சிக்கல் வருவதிலோ நோய் திரும்ப வருவதிலோ கவனிக்கத்தக்க வித்தியாசம் இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான சோதனையும் இதையே சொன்னது. அதன்பிறகு பல நாட்டு வழிகாட்டுதல்கள், ஆரோக்கியமான உடலும் சிக்கலற்ற நோயும் உள்ளவருக்கு ஆன்டிபயாடிக்கைத் தேவை பார்த்துக் கொடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டன.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவேண்டாம். சோதனைகளில் இருந்த எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்து நோய் எந்த அளவில் இருக்கிறது என்று உறுதிசெய்திருந்தார்கள். கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், தளர்ந்த முதியவர்கள், வாந்தியால் எதுவும் தங்காதவர்கள், சி.ஆர்.பி. மிக உயர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஆன்டிபயாடிக் இன்றும் வேண்டும். ஸ்கேன் எடுக்க வசதியில்லாத இடத்தில் டாக்டர் மருந்து கொடுப்பதும் நியாயமான முடிவுதான். கட்டுப்படாத சர்க்கரை நோய் சாதாரணமாக இருக்கும் நம் சூழலில் டாக்டர்கள் இதில் கொஞ்சம் எச்சரிக்கையாக நடப்பதை நான் குறைசொல்லமாட்டேன்.

நம் மனிதருக்கு டாக்டர் ஒரு வார மாத்திரை எழுதினார். முதல் இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர், அப்புறம் குழைந்த சாதம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை வலிமருந்துகள் குடலில் ஓட்டை விழும் ஆபத்தைக் கூட்டும் என்பதால் அவற்றை நிறுத்தச் சொன்னார். மூட்டுவலிக்கு வேறு வழி பார்க்கவேண்டியதாயிற்று. நம் ஊரில் வயிற்றுவலி என்று போனாலே ‘வலி ஊசி’ போட்டு அனுப்பும் வழக்கம் உள்ள இடங்களில், போடும் முன் என்ன மருந்து என்று கேட்பது நல்லது.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வலி அழுத்தினால் மட்டும் தெரிந்தது. மறுநாள் எடுத்த சி.ஆர்.பி. 19. இரண்டு, மூன்று நாளில் முன்னேற்றம் தெரியாவிட்டால் அல்லது காய்ச்சல் ஏறினால், மறுபடி ஸ்கேன் எடுத்துச் சீழ் சேர்கிறதா என்று பார்த்திருப்பார்கள்.

ஏழு வாரம் கழித்துக் கொலோனோஸ்கோபி செய்தார்கள். பைகள் இருந்தன, புற்றுநோய் இல்லை. உடனே ஏன் செய்யவில்லை? கொலோனோஸ்கோபி செய்யும்போது குடலுக்குள் காற்று ஊதி விரிப்பார்கள். பஞ்சர் அப்போதுதான் மூடிய இடத்தில் காற்றடித்தால் மறுபடி திறந்துகொள்ளலாம். அதனால் ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்கிறார்கள். சமீபத்தில் நல்ல முறையில் கொலோனோஸ்கோபி செய்துகொண்டவருக்கு இது மறுபடி தேவைப்படாமலும் போகலாம்.

இதுவரை: ஸ்கேனில் சீழும் வெளிக்காற்றும் இல்லையென்றால் ஓய்வு, இலகுவான உணவு, பாராசிட்டமால், தேவைக்கேற்ப ஆன்டிபயாடிக். உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது பிறகு.

## விதை பயமும் நார்ச்சத்தும்

விதை பையில் போய் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் கேட்பதற்கு மிகவும் நியாயமாகப் படும். டாக்டர்களே பல ஆண்டுகள் அதைச் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் 47,228 ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. கொட்டை வகைகள், சோளம், பாப்கார்ன் ஆகியவற்றை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரவில்லை. கொட்டையும் பாப்கார்னும் நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது. எள், வேர்க்கடலை, தக்காளி விதை, கொய்யா விதை இவற்றை ஆயுளுக்கும் ஒதுக்கிவைக்கக் காரணம் எதுவும் இல்லை. வலி இருக்கும் அந்தச் சில நாள்களுக்கு மட்டும் எல்லாத் திட உணவையும் குறைப்பது போதும்.

நார்ச்சத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. உகாண்டாவில் பணிசெய்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவரும் நீல் பெயின்டர் என்பவரும் 1971-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: தவிடு நீக்கிய மாவையும் இறைச்சியையும் அதிகம் உண்ணும் மேற்கத்திய உணவில் நார் குறைவு, மலம் சிறுத்துக் கெட்டியாகிறது, குடல் அதிகம் இறுக்கவேண்டியிருக்கிறது, அதனால் பைகள் வருகின்றன. ரொம்ப அழகான விளக்கம், உலகமே ஏற்றுக்கொண்டது. ஆனால் 2012-இல் கொலோனோஸ்கோபி செய்தவர்களை வைத்து ஆராய்ந்தபோது, அதிக நார் சாப்பிட்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை. பைகள் *உருவாவதை* நார் தடுக்கிறது என்பது இப்படி ஆட்டம் கண்டது.

ஆனால் பை *அழற்சியடைவதை* நார்ச்சத்து குறைக்கிறது என்பதற்கு வேறு பெரிய ஆய்வுகள் ஆதாரம் தருகின்றன. கட்டுரையின் தொடக்கத்தில் பிரித்த இரண்டு நிலைகள் இங்கே உதவுகின்றன. உடற்பயிற்சியும் அதே பக்கம் சாய்கிறது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவை உடல் பருமன், புகைபிடித்தல், நிறைய ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, மேலே சொன்ன வலி மாத்திரைகள். பரம்பரையின் பங்கும் பெரிது, இரட்டையர் ஆய்வுகள் ஏறக்குறைய பாதி என்கின்றன. ஆகவே ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒருவருக்கு இது வந்தால் அவர் தட்டைக் குற்றம்சொல்வது நியாயமில்லை.

## சிக்கலாகும்போது

நம் மனிதரின் ஸ்கேனில் 5 சென்டிமீட்டர் சீழ்க்கட்டி இருந்திருந்தால்? 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டி பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கிலேயே கரைந்துவிடும். அதைவிடப் பெரியதற்கு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செருகிச் சீழை வடிப்பார்கள். வயிற்றைக் கிழிக்கவேண்டியதில்லை.

மூடல் முற்றிலும் தவறி, சீழோ மலமோ வயிற்றுக்குள் பரவினால் அது மணிக்கணக்கில் உயிரோடு விளையாடும் நிலை. வலி ஒரே இடத்தில் இருந்தது திடீரென வயிறு முழுதும் பரவும், வயிறு பலகைபோல் விறைக்கும், அசையவே முடியாது, நாடி வேகமாக ஓடும், தலைசுற்றும். அப்போது அருகிலுள்ள கிளினிக்கைத் தேடாமல் 108-ஐ அழைத்து அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும். இன்னொரு சிக்கல் மெதுவாக வரும்: அழற்சியடைந்த பை சிறுநீர்ப்பையோடு ஒட்டி இரண்டுக்கும் நடுவில் வழி உண்டாகிவிடும். சிறுநீர் கழிக்கும்போது காற்றுக் குமிழ்கள் வருவது அதன் அடையாளம். நோயாளி வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிற அறிகுறி இது, ஆனால் டாக்டருக்குக் கிட்டத்தட்ட இதுவே விடையைச் சொல்லிவிடும்.

இரண்டு தடவை வந்துவிட்டால் குடலை வெட்டி எடுத்துவிடவேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆபத்து கூடும் என்ற எண்ணத்தில் வந்த விதி அது. பார்த்தால், வயிற்றுக்குள் உடையும் ஆபத்து அதிகம் இருப்பது பெரும்பாலும் முதல் தடவையில்தான். திரும்ப வரும்போது பழைய தழும்புகள் அந்த இடத்தை ஓரளவு கட்டிப்போட்டிருக்கும். அதனால் இப்போது எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதில்லை. எத்தனை நாள் வேலை கெடுகிறது, இடையில் வலி முழுதாகப் போகிறதா, எதிர்ப்புச் சக்தி எப்படி, குடல் குறுகியிருக்கிறதா, சிறுநீர்ப்பையோடு வழி உண்டாகியிருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் தனியாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். அமைதியான நேரத்தில் திட்டமிட்டுச் செய்தால், பைகள் நிறைந்த சிக்மாய்டை நீக்கிவிட்டு மீதியை அப்போதே இணைத்துவிடலாம், பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே. அவசரத்தில், வயிறு முழுக்கத் தொற்று இருக்கும்போது செய்தால், குடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்து, மலம் சேர வெளியே ஒரு பை மாட்டி அனுப்பவேண்டியதாகலாம். சில மாதம் கழித்து அதை மறுபடி இணைக்க இன்னொரு அறுவை வேண்டும். வயதானவர்களில் கணிசமானோருக்கு அந்த இரண்டாவது அறுவை நடக்காமலே போகிறது. எனவே அறுவை மருத்துவர்கள் நோயாளியின் நிலைமை தாங்கும் என்றால், அவசர அறுவையிலும் முதல் தடவையிலேயே இணைக்கப் பார்க்கிறார்கள்.